அத்தியாயம் 7: பழைய கட்டடத்துக்கு உறுதிச் சான்று

பழைய வீட்டைப் பள்ளிக்கு வாடகைக்கு விடும்போது, முப்பது வயதான வணிகக் கட்டடத்தின் பேரில் கடன் கேட்கும்போது, மொட்டை மாடியில் செல்போன் கோபுரம் வைக்க இடம் கொடுக்கும்போது, எதிரில் இருப்பவர் கேட்கும் ஒரு தாள் உண்டு. அரசுக் கடிதங்களில் அது ‘கட்டட உறுதித்தன்மைச் சான்று’. பேச்சில் ‘ஸ்டெபிலிட்டி சர்டிபிகேட்’. பெரும்பாலும் ஒரே பக்கத்தில் முடிந்துவிடும் இந்தச் சான்றை ‘கட்டடம் நல்லா இருக்கு’ என்று பொறியாளர் சொன்னதாகப் பலர் எடுத்துக்கொள்கிறார்கள். பிழையே அங்கேதான் தொடங்குகிறது.

சான்று சொல்வது அதைவிடக் குறுகிய ஒரு செய்தி. ‘இந்தத் தேதியில் பார்த்த நிலையில், இந்தக் கட்டடம், இந்தப் பயன்பாட்டுக்கு உரிய பாரத்தைத் தாங்கும்’ என்பதே அது. தேதி, நிலை, பயன்பாடு ஆகிய மூன்றில் ஒன்று மாறினாலும் சான்று பேசுவது வேறு ஒரு கட்டடத்தைப் பற்றி ஆகிவிடும். இந்த அத்தியாயத்தில், வீடாக இருந்த ஒரு கட்டடம் பள்ளியாகும் நிலையை எடுத்துக்கொண்டு, பொறியாளர் எதைப் பார்க்கிறார், எப்படிக் கணக்குப் போடுகிறார், அவர் எழுதித் தருவதை யார் எதற்காக நம்புகிறார்கள் என்று பார்ப்போம்.

சான்று எதைச் சொல்லாது

தமிழ்நாட்டில் தனியார் பள்ளி நடத்த, கட்டடத்தைப் பொறுத்தவரை நான்கு ஆவணங்கள் வழக்கமாகக் கேட்கப்படுகின்றன: கட்டட உறுதிச் சான்று, தமிழ்நாடு பொதுக் கட்டடங்கள் (உரிமம் வழங்கல்) சட்டம், 1965-இன்கீழ் வட்டாட்சியர் தரும் கட்டட உரிமம், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று, சுகாதாரச் சான்று. இவற்றுள் ஒன்று இன்னொன்றின் வேலையைச் செய்யாது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளியொன்றில் 94 குழந்தைகள் இறந்தது கட்டடம் இடிந்ததால் அல்ல. கீற்றுக் கூரையில் பிடித்த தீயால். சுவரும் தளமும் எவ்வளவு உறுதியாக இருந்தாலும், வெளியேறும் வழி குறுகலா, கூரை எரியக்கூடியதா என்ற கேள்விகள் உறுதிச் சான்றின் எல்லைக்கு வெளியே நிற்கின்றன.

வரைபட அனுமதியும் வேறு. அனுமதி இல்லாமல் கட்டிய மேல்மாடி பாரத்தை நன்றாகத் தாங்கலாம். அதற்குச் சான்று கிடைத்தாலும் அந்த மாடி சட்டப்படியானது ஆகிவிடாது.

எல்லையைப் பற்றிய இன்னொரு பாடம் 2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் கிடைத்தது. பள்ளி ஒன்றில் மூன்று மாணவர்களின் உயிரைப் பறித்தது வகுப்பறைச் சுவர் அல்ல, கழிப்பறைச் சுவர். சான்றில் ‘பள்ளிக் கட்டடம்’ என்று பொதுவாக எழுதியிருந்தால் கழிப்பறை, சுற்றுச்சுவர், சமையல் கூடம், தண்ணீர்த் தொட்டி நிற்கும் மேடை ஆகியவை அதில் சேருமா என்பது யாருக்கும் தெரியாது. ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க முடியாததை ‘ஆய்வு செய்யப்படவில்லை’ என்று எழுதச் சொல்லுங்கள். அப்படி எழுதிய சான்றில் குறையொன்றும் இல்லை. எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று படிப்பவருக்கு அது காட்டிவிடுகிறது.

ஆய்வுக்கு முன்

பொறியாளர் வருகிறார் என்றதும் வெள்ளையடிக்கும் வழக்கம் நம்மிடம் இருக்கிறது. தயவுசெய்து செய்யாதீர்கள். விரிசல்கள்தான் கட்டடம் பேசும் மொழி. பட்டி பூசி மூடினால் அவருக்குப் படிக்க எதுவும் மிஞ்சாது. புதிதாகப் பூசிய சுவரைக் கண்டால் அனுபவமுள்ளவர் சந்தேகம் கொண்டு பூச்சைக் கொத்தச் சொல்வார். செலவு இரட்டிப்பாகும்.

பழைய வரைபடம், கட்டிய ஆண்டு தெரியும் வரி ரசீது, பின்னால் செய்த மாற்றங்களின் பட்டியல் ஆகியவற்றை எடுத்து வையுங்கள். மாற்றங்களில் மறந்துபோவது பெரும்பாலும் இரண்டு. ஒன்று, பழைய மொசைக் தரைமேலேயே ஒட்டிய புது டைல்ஸ். மற்றொன்று, மாடியில் பிற்பாடு ஏற்றிய தண்ணீர்த் தொட்டி. 2,000 லிட்டர் தொட்டி நிரம்பினால் தண்ணீரின் எடை மட்டும் 2 டன். கட்டும்போது போட்ட கணக்கில் இந்த எடை இருந்திருக்காது.

யாரை அழைப்பது? சான்று யாரிடம் போகிறதோ அந்த அலுவலகத்தில் முதலில் கேளுங்கள். சில இடங்களில் பொதுப்பணித் துறைப் பொறியாளரின் கையெழுத்து வேண்டும் என்பார்கள். சில இடங்களில் பதிவு பெற்ற பொறியாளர் போதும் என்பார்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019, பொறியாளர்களையும் கட்டமைப்புப் பொறியாளர்களையும் தனித்தனி வகையாகப் பதிவு செய்கிறது. வரைபடம் போட்டு அனுமதி வாங்கித் தருபவரும், கம்பியும் பாரமும் கணக்கிடுபவரும் ஒருவராக இருக்க வேண்டியதில்லை. பழைய கட்டடத்துக்கு இரண்டாமவர்தான் தேவை.

அவர் எதைப் பார்க்கிறார்

முதலில் கண்ணால் பார்ப்பார். விரிசல் இருக்கிறதா என்பதைவிட அது எந்தத் திசையில் ஓடுகிறது என்பதே அவருக்கு முக்கியம். கூரைத் தளமும் சுவரும் சேரும் இடத்தில் கிடைமட்டமாக ஓடும் மெல்லிய விரிசல் பெரும்பாலும் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது, ஆபத்து குறைவு. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டுப்போல் செங்கல் இணைப்புகளில் இறங்கும் சாய்வு விரிசல் அஸ்திவாரம் ஒரு பக்கம் இறங்கியிருக்கலாம் என்று சொல்கிறது. உத்தரத்தின் அடியில் நீளவாக்கில், கம்பி போகும் பாதையிலேயே ஓடும் விரிசல் உள்ளே கம்பி துருப்பிடித்து ஊதுகிறது என்பதற்கு அடையாளம்.

விரிசல் பழையதா, இன்னும் வளர்கிறதா என்று தெரிந்துகொள்ள எளிய வழி உண்டு. விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை இரு பக்கமும் ஒட்டித் தேதி எழுதி வைப்பார்கள். சில வாரங்களில் கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது என்று பொருள். அந்த நிலையில் யாரும் சான்று எழுதக் கூடாது. நகரும் காரணத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

அடுத்து கருவிகள். பலரும் பார்த்திருப்பது ரீபவுண்டு ஹேமர். கான்கிரீட்டின்மேல் வைத்து அழுத்தினால் உள்ளிருக்கும் சிறு சுத்தி அடித்து எகிறும். எகிறும் அளவை வைத்து வலிமையை மதிப்பிடுவார்கள். இதன் மதிப்பீடு உண்மை வலிமையிலிருந்து இருபுறமும் 25 சதவீதம்வரை விலகலாம் என்று இந்தியத் தர நிர்ணயமே சொல்லியிருக்கிறது. பழைய கட்டடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. காற்றில் உள்ள கரியமில வாயு ஆண்டுக்கணக்கில் ஊறுவதால் கான்கிரீட்டின் மேல்தோல் கடினமாகிவிடும். அங்கே அடித்தால் சுத்தி நன்றாக எகிறும்; உள்ளே இருப்பதைவிட உயர்ந்த எண் வரும். எனவே இந்த ஒரு சோதனையை மட்டும் வைத்துப் பழைய கட்டடத்துக்குச் சான்று எழுதினால் அது அரைகுறை வேலை.

மேல்தோலைக் கடினமாக்கும் அதே மாற்றம் கம்பிக்குக் கேடாகவும் முடிகிறது. நல்ல கான்கிரீட்டின் காரத்தன்மைதான் உள்ளிருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. கரியமில வாயு அந்தக் காரத்தைக் குறைத்துவிடும். இதைக் கண்டறிய, புதிதாகக் கொத்திய இடத்தில் ஃபினால்ஃப்தலீன் கரைசலைத் தெளிப்பார்கள். காரம் மிஞ்சியிருக்கும் பகுதி இளஞ்சிவப்பாகும். போன பகுதி நிறம் மாறாது. நிறம் மாறாத ஆழம் 25 மி.மீ. இருந்து, கம்பி 20 மி.மீ. ஆழத்திலேயே இருந்தால், கம்பிக்குக் கவசம் போய்விட்டது. ஈரம் பட்டால் துரு தொடங்கும்.

துருவின் விளைவைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். 8 மி.மீ. கம்பி 7 மி.மீ. ஆனால் வெளியிலிருந்து பார்ப்பவருக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. கம்பியின் பலமோ அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. அதில் கிட்டத்தட்டக் கால்வாசி போயிருக்கும்.

ஒரு கணக்கு: வீடு பள்ளியாகிறது

இப்போது ஓர் எடுத்துக்காட்டு. 1989-இல் கட்டிய இரண்டு தள வீடு. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர்களே பாரத்தைத் தாங்குகின்றன, தூண்கள் இல்லை. உரிமையாளர் இதை நர்சரி பள்ளிக்கு வாடகைக்கு விட நினைக்கிறார். முதல் மாடியில் ஒரு நீண்ட கூடம். அதை வகுப்பறையாக்க விருப்பம். கூடத்தின் தரையாக இருக்கும் கான்கிரீட் தளம் அகலவாக்கில் சுவருக்குச் சுவர் 3 மீட்டர் தாவுகிறது. நீளம் 6.5 மீட்டர். நீளம் அகலத்தைப்போல் இரு மடங்குக்கு மேல் இருப்பதால், பாரம் முழுவதும் குறுக்கு வாக்கிலேயே போகிறது என்று பொறியாளர் எடுத்துக்கொள்கிறார்.

வரைபடம் கிடைக்கவில்லை. கம்பி இருக்குமிடம் காட்டும் கருவியை வைத்துத் தேடி, கீழ்த்தளத்துக் கூரையில் இரண்டு இடங்களில் கொத்திப் பார்க்கிறார். தளத்தின் தடிமன் 120 மி.மீ. முக்கியக் கம்பி 8 மி.மீ., 150 மி.மீ. இடைவெளியில். துரு இல்லை. கான்கிரீட் அந்தக் காலத்து எம்-15 தரத்துக்கு ஒத்துவருகிறது.

இனி பாரம். தளத்தின் சொந்த எடை சதுர மீட்டருக்கு 300 கிலோ. மேலே உள்ள தரைப்பூச்சுக்கு 100 கிலோ. இவை எப்போதும் இருக்கும் எடைகள். இவற்றோடு, மனிதர்களுக்கும் பொருள்களுக்கும் எவ்வளவு சேர்க்க வேண்டும் என்று ஐ.எஸ். 875, பகுதி 2 சொல்கிறது: வீட்டு அறைக்குச் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 200 கிலோ, வகுப்பறைக்கு 300 கிலோ. ஆக மொத்தம் வீட்டுக்கு 600, வகுப்பறைக்கு 700.

அந்தக் கம்பியையும் தடிமனையும் வைத்து, விதிப்படியான பாதுகாப்பு விகிதங்களோடு கணக்கிட்டால், இந்தத் தளம் மொத்தத்தில் தாங்க அனுமதிக்கப்படுவது சதுர மீட்டருக்குச் சுமார் 620 கிலோ. அதாவது வீடாக இருக்கும்வரை தளம் தேறுகிறது, வகுப்பறையானால் தேறவில்லை. விரிசல் இல்லை, துரு இல்லை, ஒழுகல் இல்லை. முப்பத்தைந்து ஆண்டுகளாக ஒரு குறையும் சொல்லாத தளம்தான் அது. கண்ணால் மட்டும் பார்த்தவர் தயங்காமல் கையெழுத்திட்டிருப்பார். தளம் நாளையே விழுந்துவிடும் என்று இந்தக் கணக்கு சொல்லவில்லை. அந்தப் பயன்பாட்டுக்கு வேண்டிய பாதுகாப்பு இடைவெளி இல்லை என்கிறது. அந்த இடைவெளி இருக்கிறது என்று எழுதித் தருவதுதான் சான்று.

பொறியாளர் மூன்று வழிகளை வைக்கிறார். முதலாவது, செலவில்லாதது: வகுப்புகளை மண்மேல் அமைந்த கீழ்த்தளத் தரையில் வைத்து, மாடியைக் குடியிருப்பாகவே விட்டுவிடுவது. இரண்டாவது, தளத்துக்கு அடியில் குறுக்கே மூன்று இரும்பு கர்டர்களைச் சுவருக்குச் சுவர் கொடுப்பது. 6.5 மீட்டர் நீளம் நான்கு பகுதிகளாகப் பிரிந்து, தளம் தாவ வேண்டிய தூரம் ஏறக்குறைய 1.6 மீட்டராகக் குறையும். இந்த அளவுக்கு 150 மி.மீ. உயரமுள்ள ஐ வடிவக் கர்டர் போதுமானதாக வருகிறது. ஆனால் கர்டரைச் செங்கல்மேல் அப்படியே வைக்கக் கூடாது. அடியில் கான்கிரீட் மெத்தைக் கட்டை வேண்டும். தளத்துக்கும் கர்டருக்கும் நடுவே இடைவெளி விடாமல் இறுக்கிச் சாந்து நிரப்ப வேண்டும். இல்லையென்றால் தளம் வளைந்து கர்டரைத் தொடும்வரை அது வெறும் அலங்காரம். மூன்றாவது வழி, அந்தக் கூடத்தை வகுப்பறைக் கணக்கிலிருந்தே நீக்கிச் சான்றில் அப்படிக் குறிப்பிடுவது.

உரிமையாளரிடம் இன்னொரு திட்டமும் இருந்தது: கீழ்த்தளத்தில் இரண்டு அறைகளுக்கு நடுவேயுள்ள சுவரை எடுத்துப் பெரிய வகுப்பறையாக்குவது. தூண் இல்லாத வீட்டில் நடுச்சுவர் மறைப்புச் சுவர் அல்ல. மேல்தளம் அதன்மேல் உட்கார்ந்திருக்கிறது. எடுத்தால் 3 மீட்டர் தாவிய தளம் 6 மீட்டர் தாவ வேண்டிவரும். வளைக்கும் விசை தூரத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுவதால், நான்கு மடங்காகும். சான்று வாங்கியபின் இப்படிச் சுவர் எடுத்த கட்டடங்கள்தான் மிகவும் ஆபத்தானவை, ஏனென்றால் தாள் இன்னும் செல்லுபடியாவதுபோலத் தோன்றும்.

சான்றில் இருக்க வேண்டியவை

கையில் வாங்கியதும் கீழ்க்கண்டவை இருக்கின்றனவா என்று பாருங்கள்:

- சர்வே எண், கதவு எண், தளங்களின் எண்ணிக்கை, பரப்பளவு, கட்டிய ஆண்டு
- சுவர் தாங்கும் கட்டடமா, தூண்–உத்தரம் உள்ளதா
- எந்தத் தளம் எந்தப் பயன்பாட்டுக்கு, என்ன பாரக் கணக்கில்
- நேரில் ஆய்வு செய்த தேதி, செய்த சோதனைகள், கொத்திப் பார்த்த இடங்கள்
- சேர்க்கப்படாத பகுதிகள்
- செய்ய வேண்டிய பழுதுபார்ப்பு, அது முடிந்தபின் மீண்டும் பார்த்த தேதி
- செல்லுபடியாகும் காலம், பொறியாளரின் பதிவு எண், கையெழுத்து, முத்திரை

இவற்றோடு படங்களும் கணக்கும் உள்ள ஆய்வறிக்கை இணைந்திருக்க வேண்டும். பொறியாளர் வராமலேயே எழுதிய சான்றைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. ஆய்வுத் தேதி இருக்காது. தளங்களின் எண்ணிக்கை பழைய ஆவணத்தில் உள்ளபடி இருக்கும்; பிற்பாடு எழுப்பிய மாடி விடுபட்டிருக்கும். ‘கட்டடம் எல்லா வகையிலும் உறுதியாக உள்ளது’ என்ற வாக்கியம் இருக்கும். எந்தப் பாரத்துக்கு என்பது இருக்காது.

யார் எதற்காக நம்புகிறார்கள்

வட்டாட்சியர் அலுவலகத்தில் இருப்பவருக்குத் தளத்தில் எத்தனை கம்பி என்று கணக்கிடத் தெரிய வேண்டியதில்லை. அவர் சான்றை வைத்து உரிமம் தருகிறார். அந்த உரிமத்தை வைத்துக் கல்வித் துறை அங்கீகாரம் தருகிறது. அங்கீகாரத்தைப் பார்த்துப் பெற்றோர் பிள்ளையைச் சேர்க்கிறார்கள். இந்தச் சங்கிலியில் கட்டடத்தைத் தொட்டுப் பார்த்தவர் சான்று எழுதிய பொறியாளர் மட்டுமே. பின்னால் வரும் எவரும் அவருடைய கணக்கைத் திரும்பப் போடுவதில்லை.

வங்கி கேட்பது வேறு. கடன் இருபது ஆண்டுகளுக்கு என்றால், அதுவரை அடமானப் பொருள் நிற்குமா என்பதே அதன் கவலை. ஆகவே வங்கிக்கான அறிக்கையில் மீதமுள்ள ஆயுள் பற்றிய மதிப்பீடு இருக்கும். பள்ளிக்காக வாங்கிய சான்றில் அது இருக்காது. செல்போன் கோபுரம் வைப்பவர், கோபுரக் கால்கள் நிற்கும் இடத்துக்குக் கீழே தூண் இருக்கிறதா, காற்று தள்ளும்போது அது தாங்குமா என்று கேட்பார். ஒருவருக்காக எழுதியதை மற்றவருக்கு நீட்டினால், கேட்காத கேள்விக்குச் சொன்ன பதிலை நீட்டுகிறோம்.

வீடு வாங்குபவர்கள்தான் இதில் அதிகம் ஏமாறுகிறார்கள். விற்பவர் காட்டும் சான்று எப்போது, எந்தப் பயன்பாட்டுக்கு, யார் பெயருக்கு எழுதப்பட்டது என்று பாருங்கள். அதன்பின் மாடி எழும்பியதா, சுவர் எடுக்கப்பட்டதா என்று கேளுங்கள். அறிக்கையின் நகலையும் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் சான்றைக் கணக்கில் சேர்க்காமல் உங்கள் செலவில் புதிய ஆய்வு செய்யுங்கள்.

மறுபடி எப்போது

காலம் முடிந்தால் மறுபடி வாங்க வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். மும்பையில் 30 வயது கடந்த கட்டடங்களை ஆய்வு செய்து சான்று பெற வேண்டும் என்று அந்த மாநகராட்சிச் சட்டமே கட்டாயப்படுத்துகிறது. யாரும் கட்டாயப்படுத்தாத இடத்திலும், காலம் முடியும் முன்பே புதிதாக வாங்க வேண்டிய நேரங்கள் உண்டு: பயன்பாடு மாறும்போது, சுவர் எடுக்கும்போது, தளம் உயர்த்தும்போது, தொட்டியோ கோபுரமோ ஏற்றும்போது, தீ விபத்து, வெள்ளம், நில அதிர்வு ஆகியவற்றுக்குப் பின், ஒட்டிய மனையில் ஆழமாக அஸ்திவாரம் தோண்டும்போது. கடைசியாகச் சொன்ன நிலையில், பக்கத்து மனையில் வேலை தொடங்கும் முன்பே உங்கள் சுவர்களைத் தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பின்னால் விரிசல் விழுந்தால் அது பழையதா, புதியதா என்ற வழக்கில் அந்தப் படங்களே உங்கள் பக்கம் நிற்கும் சாட்சி.

சான்றின் நகல் ஒன்றைக் கட்டடத்தை அன்றாடம் பயன்படுத்துபவரிடமும் கொடுங்கள். எங்கள் எடுத்துக்காட்டில் அவர் பள்ளித் தாளாளர். மாடிக் கூடத்தில் ஆண்டுவிழா ஒத்திகை வைக்கலாமா, புத்தக அலமாரிகளை வரிசையாக நிறுத்தலாமா என்று முடிவு செய்பவர் அவர்தான். அந்தக் கூடம் எவ்வளவு தாங்கும் என்ற எண் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.